ஒரு பக்க முதலீட்டு விதி: எந்தப் பணம் நகரும் என்று எழுதினீர்களா?

2020 மார்ச் 23 அன்று நிஃப்டி ஒரே நாளில் சுமார் 13 சதவீதம் இறங்கியது. காலையில் 10 சதவீதம் விழுந்ததும் வர்த்தகத்தை 45 நிமிடம் நிறுத்திவைத்தார்கள்; மீண்டும் தொடங்கிய பிறகும் சரிவு நிற்கவில்லை. ஜனவரி நடுவில் 12,362-இல் முடிந்திருந்த குறியீடு அன்று 7,610-இல் முடிந்தது. அதே ஆண்டு டிசம்பர் கடைசியில் அது 14,000-ஐ ஒட்டி நின்றது. மார்ச்சில் விற்றவர்களும் விவரம் தெரிந்தவர்கள்தான். ஆனால் ஊரே முடங்கிக் கிடந்த ஒரு வாரத்தில், வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, பல லட்சம் ரூபாய் பற்றிப் புதிதாக முடிவெடுக்க வேண்டிய நிலையில் அவர்கள் இருந்தார்கள்.

அந்த முடிவை முன்கூட்டியே எடுத்து எழுதிவைப்பதுதான் முதலீட்டுக் கொள்கை. ஓய்வூதிய நிதிகளும் அறக்கட்டளைகளும் காலங்காலமாக இப்படி எழுதிவைத்துத்தான் நடக்கின்றன. குடும்பத்துக்கு ஒரு பக்கம் போதும். எப்போது வாங்குவது, எப்போது விற்பது, பங்கும் கடனும் விகிதம் மாறிப்போனால் எப்படிச் சரிசெய்வது என்ற மூன்றுக்கும் அதில் பதில் இருக்க வேண்டும். ‘சந்தை இறங்கினால் கூடுதலாக வாங்குவேன்’ என்பது பதிலாகாது. எவ்வளவு இறங்கினால், எவ்வளவு, எந்தக் கணக்கிலிருந்து என்று எழுதினால்தான் அது விதி. இவற்றில் மூன்றாவது கேள்வியில்தான் பெரும்பாலான பக்கங்கள் தோற்கின்றன. ஒரு குடும்பத்தின் கணக்கைப் போட்டே பார்ப்போம்.

கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிறார்கள். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. ஓய்வுக்காலத்துக்கென்று 40 லட்ச ரூபாய் சேர்ந்திருக்கிறது. 60 சதவீதம் ஈக்விட்டி, 40 சதவீதம் கடன் என்று பிரித்திருக்கிறார்கள். அதாவது, இண்டெக்ஸ் ஃபண்டில் 24 லட்சம், வட்டி தரும் முதலீடுகளில் 16 லட்சம். ஆறு மாதச் செலவுக்கான அவசரப் பணமும், பிள்ளையின் கல்லூரிப் பணமும், வீட்டு நகையும் இந்தக் கணக்கில் வராது. நகையைச் சொத்துப் பட்டியலில் எழுதலாம். ஆனால் சந்தை சரிந்த அன்று யாரும் தாலிக்கொடியை விற்று ஃபண்ட் வாங்கப் போவதில்லை. நகர்த்த முடியாததை விகிதத்தில் சேர்த்தால் கணக்கு ஏமாற்றிவிடும்.

விதி இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: ஈக்விட்டி 55-க்குக் கீழே போனாலோ 65-க்கு மேலே போனாலோ திரும்பவும் 60-க்குக் கொண்டுவர வேண்டும். இப்போது 2020-ஐப் போல 38 சதவீதச் சரிவு வருகிறது. 24 லட்சம் 14 லட்சத்து 88 ஆயிரமாகச் சுருங்குகிறது. மொத்தம் 30 லட்சத்து 88 ஆயிரம். ஈக்விட்டியின் பங்கு 48 சதவீதம். இதை 60-க்குக் கொண்டுவர, கடன் பக்கத்திலிருந்து ஏறக்குறைய 3 லட்சத்து 65 ஆயிரம் ரூபாயை எடுத்து ஈக்விட்டியில் போட வேண்டும். தாளில் 16 லட்சம் இருக்கிறதே, எடுத்துவிடலாம் என்று தோன்றும்.

அந்த 16 லட்சத்தைப் பிரித்துப் பார்த்தால்தான் சிக்கல் தெரியும். அதில் 9 லட்சம் பி.எஃப்., 3 லட்சம் பி.பி.எஃப். இரண்டுமே நல்ல கடன் முதலீடுகள்தான். ஆனால் நினைத்த நாளில் எடுத்து ஈக்விட்டிக்கு மாற்ற முடியாது. பி.பி.எஃப். கணக்கு முதிர 15 ஆண்டுகள் ஆகும். மிச்சம் 4 லட்சம்தான் எஃப்.டி.யிலும் கடன் ஃபண்டிலும் இருக்கிறது. விதியை அப்படியே பின்பற்றினால் அந்த 4 லட்சத்தில் 35 ஆயிரம்தான் மிஞ்சும். அதற்குப் பிறகும் சந்தை இறங்கினால் கையில் ஒன்றும் இருக்காது. 2008 ஜனவரியில் தொடங்கிய சரிவு 2009 மார்ச் வரை இழுத்தடித்தது. சென்செக்ஸ் ஏறக்குறைய 60 சதவீதம் கரைந்தது. எந்தச் சரிவும் ஒரே தவணையில் முடிந்துவிடும் என்று நம்பி விதி எழுதக் கூடாது.

ஆகவே இந்தக் குடும்பத்தின் பக்கத்தில் இரண்டு திருத்தம் வேண்டும். முதலாவது, கடன் பகுதியை ‘நகரும் பணம்’, ‘நகராத பணம்’ என்று இரண்டு வரியாக எழுதுவது. இரண்டாவது, சரிவில் 60-க்குக் கொண்டுவராமல் 55 என்ற கீழ் எல்லை வரைக்கும் மட்டும் கொண்டுவருவது. அப்படிச் செய்தால் மாற்ற வேண்டியது சுமார் 2 லட்சத்து 10 ஆயிரம். நகரும் பணத்தில் 1 லட்சத்து 90 ஆயிரம் மிஞ்சும். அதன்பின் ஈக்விட்டி இன்னொரு 20 சதவீதம் இறங்கினாலும், மறுபடி எல்லைக்குக் கொண்டுவர ஒன்றரை லட்சம் போதும். பணம் கையில் இருக்கும். சந்தை உடனே மீண்டுவிட்டால் கொஞ்சம் லாபம் குறையும் என்பது உண்மைதான். விதியை இரண்டாம் முறையும் கடைப்பிடிக்க முடிவதற்கான விலை அது.

ஏற்றத்தின்போது கணக்கு வேறு. சில ஆண்டுகளில் ஈக்விட்டி 32 லட்சமாகிறது, கடன் 16 லட்சத்திலேயே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பங்கு 67 சதவீதத்தைத் தொடுகிறது. இப்போது எல்லையோடு நிற்காமல் 60 வரைக்கும் இறக்குவதே நல்லது. ஏனென்றால் விற்று வரும் 3 லட்சத்து 20 ஆயிரமும் நகரும் பணமாகச் சேர்ந்து அடுத்த சரிவுக்குக் காத்திருக்கும். மாத எஸ்.ஐ.பி.யைக் கடன் பக்கம் திருப்பிவிட்டாலே போதுமே, எதற்கு விற்பது என்று கேட்கலாம். மாதம் 25 ஆயிரம் வீதம் போட்டால், ஈக்விட்டி அதே இடத்தில் நின்றாலும் 60-க்கு வர 21 மாதத்துக்கு மேல் ஆகும். திருப்பிவிடுவது நல்ல பழக்கம்தான். அதை மட்டுமே நம்ப முடியாது.

விற்றால் வரி உண்டு. இப்போதைய விதிப்படி, ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த ஈக்விட்டி ஃபண்டின் லாபத்தில் நிதியாண்டுக்கு 1 லட்சத்து 25 ஆயிரம் வரை வரி இல்லை. அதற்கு மேற்பட்டதற்கு 12.5 சதவீதம். விற்கும் 3 லட்சத்து 20 ஆயிரத்தில் பாதி லாபம் என்றால் 1 லட்சத்து 60 ஆயிரம். வரம்பைத் தாண்டுவது 35 ஆயிரம். பாதியை மார்ச் கடைசியிலும் மீதியை ஏப்ரல் முதல் வாரத்திலும் விற்றால் இரண்டு நிதியாண்டுகளின் விலக்கும் கிடைக்கும். அந்த ஆண்டுகளில் வேறு லாபம் இல்லையென்றால் வரியே வராது. அதனால்தான் சரிபார்க்கும் நாள்களில் ஒன்றை மார்ச்சில் வைப்பது வசதி. ஆண்டுக்கு இரண்டு முறை பார்த்தால் போதும். இடையில் நிஃப்டி முந்தைய உச்சத்திலிருந்து 25 சதவீதம் இறங்கினால், அந்த மாதக் கடைசியில் கூடுதலாக ஒரு முறை பார்க்கலாம். மற்ற நாள்களில் விகிதத்தைப் பார்க்காமல் இருப்பதும் விதியின் ஒரு பகுதியே.

வாங்குவதற்கும் விற்பதற்குமான விதிகள் இதைவிட எளிமையானவை. வாங்குவது சம்பளம் வந்த மூன்றாம் நாள் தானாக நடக்கட்டும். போனஸ், நிலம் விற்ற பணம் போன்ற பெருந்தொகை வந்தால் 60:40 விகிதத்திலேயே பிரித்துப் போட வேண்டும். ஒரே நாளில் போட மனம் ஒப்பாதவர்கள் ஆறு சம தவணை என்று எழுதிக்கொள்ளலாம். தனிப் பங்குகளில் ஆசை இருந்தால் அதற்கும் மொத்தத்தில் 5 சதவீதம் என்று ஓர் உச்சவரம்பு வைக்கலாம். ஆசையை அடியோடு தடைசெய்யும் விதியைவிட, அதற்கு எல்லை போடும் விதி நீண்டநாள் நிற்கும்.

விற்பதற்கு மூன்று காரணங்கள் மட்டும் எழுதுங்கள். விகிதம் எல்லையைத் தாண்டியது. பணம் தேவைப்படும் நாளுக்கு மூன்று ஆண்டே இருக்கிறது. வாங்கியபோது எழுதிய காரணம் பொய்த்துவிட்டது. இந்த மூன்றாவது பயன்பட வேண்டுமென்றால் வாங்கும்போதே ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். ‘செலவு விகிதம் குறைவு, நிஃப்டி 50-ஐ அப்படியே பின்தொடர்கிறது’ என்று எழுதியிருந்தால், செலவு விகிதம் ஏறும்போதோ குறியீட்டைவிடத் தொடர்ந்து பின்தங்கும்போதோ விற்கக் காரணம் கிடைத்துவிடும். விலை இறங்கியது, தொலைக்காட்சியில் சொன்னார்கள், அலுவலக நண்பர் விற்றுவிட்டார் என்பவை அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாத காரணத்துக்கு அன்று விற்பனை இல்லை.

எல்லாம் சேர்ந்தால் இந்தக் குடும்பத்தின் பக்கம் இவ்வளவுதான்:

1. இந்தப் பணம் ஓய்வுக்காலத்துக்கு. அவசரப் பணம், கல்லூரிப் பணம், நகை இதில் சேராது.
2. ஈக்விட்டி 60, கடன் 40. நகரும் கடன் 4 லட்சம். நகராதது 12 லட்சம். சம்பளம் வந்த மூன்றாம் நாள் வாங்குவோம். பெருந்தொகை வந்தால் இதே விகிதத்தில் பிரித்துப் போடுவோம்.
3. சரிபார்க்கும் நாள்: மார்ச் 20, செப்டம்பர் 20. நிஃப்டி 25 சதவீதம் சரிந்தால் அந்த மாதக் கடைசி நாளும்.
4. ஈக்விட்டி 55-க்குக் கீழே போனால், நகரும் கடனிலிருந்து எடுத்து 55-க்குக் கொண்டுவருவோம். அவசரப் பணத்தைத் தொடமாட்டோம்.
5. 65-க்கு மேலே போனால் 60-க்கு இறக்குவோம். வரி வருமானால் மார்ச், ஏப்ரல் என்று பிரித்து விற்போம்.
6. விற்க மூன்றே காரணம்: எல்லை தாண்டியது, தேவை நெருங்கியது, வாங்கிய காரணம் பொய்த்தது.
7. இந்தப் பக்கத்தை மாற்ற இருவரும் கையெழுத்திட வேண்டும். கையெழுத்திட்டு 30 நாள் கழித்தே மாற்றம் நடைமுறைக்கு வரும்.

ஏழாவது வரியை விட்டுவிடாதீர்கள். வேலை போவது, நோய், வாரிசுச் சொத்து, வாங்கப்போகும் வீடு இவையெல்லாம் விதியை மாற்றத் தக்க காரணங்கள். அவற்றுக்கு 30 நாள் பொறுப்பதால் பெரிய நட்டம் இல்லை, அவசரச் செலவுக்கு அவசரப் பணம் இருக்கிறது. பயத்திலோ பேராசையிலோ மாற்றத் தோன்றுவது பெரும்பாலும் 30 நாளில் தணிந்துவிடும்.

60:40 உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். அதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. உங்கள் ஈக்விட்டித் தொகையில் 38 சதவீதத்தைக் கழித்து, வரும் தொகையைத் தாளில் எழுதுங்கள். அந்த நிலையிலும் நான்காவது வரியின்படி பணம் எடுத்துப் போடுவேன் என்று வீட்டில் இருவரும் சொல்ல முடிந்தால் விகிதம் சரி. ஒருவர் தயங்கினாலும் ஈக்விட்டியைப் பத்துப் புள்ளி குறைத்து மறுபடி கணக்குப் போடுங்கள். தயக்கம் தீர்ந்ததும் கையெழுத்திட்டு, முதல் சரிபார்க்கும் நாளை நாள்காட்டியில் குறித்துவிடுங்கள்.