கோடிட்ட இடத்தை நிரப்பி என்ன கண்டோம்?

பக்கத்து வீட்டுப் பேத்தி ஏழாம் வகுப்பு. போன வாரம் ஆங்கில இலக்கணத் தாள் ஒன்றைக் கொண்டுவந்து, “தாத்தா, இது ஏன் தப்பு?” என்று கேட்டாள். தம்பி மேல் அவளுக்குக் கோபம் என்கிற வாக்கியத்தில், ‘ஆங்ரி’ என்ற சொல்லுக்கு அடுத்து ஒரு கோடு. பிள்ளை ‘அட்’ என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் பெருக்கல் குறி. விடைத்தாளில் ‘வித்’ என்று இருக்கிறதாம்.

ஆள்மேல் கோபம் என்றால் ‘ஆங்ரி வித்’ என்றும் சொல்லலாம், ‘ஆங்ரி அட்’ என்றும் சொல்லலாம். எந்த நல்ல அகராதியிலும் இரண்டும் உண்டு. விடைத்தாளில் ஒன்றுக்குத்தான் இடம் இருந்தது, அதற்குப் பிள்ளை என்ன செய்வாள்? அரை மதிப்பெண் போனது எனக்குப் பெரிதில்லை. சரியாகச் சொன்னதைத் தப்பு என்று அவள் மனத்தில் பதிய வைத்தார்களே, அதுதான் எரிச்சல்.

ஆனால் இந்தப் பயிற்சி மீது என் பெரிய வழக்கு வேறு. கோடு போட்டவுடனேயே பாதி விடையைச் சொல்லியாயிற்று. இங்கே ஏதோ ஒரு பிரிபொசிஷன் வர வேண்டும் என்று அந்தக் கோடே சொல்லிவிடுகிறது. நம்மவர்கள் எழுதும் ஆங்கிலத்தில் அதிகம் நடக்கும் தப்போ, வரவே கூடாத இடத்தில் ஒன்றைப் போடுவது.

முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்கக் கோப்புகளில் புரண்டவன் சொல்கிறேன். ‘டிஸ்கஸ்டு அபவுட்’ என்று எத்தனை குறிப்புகள்! ‘ஐ ரெக்வெஸ்ட் ஃபார் லீவ்’ என்று எத்தனை விண்ணப்பங்கள்! டிஸ்கஸ் என்ற வினைக்கு அடுத்து நேராகப் பொருள்தான் வரும்; அபவுட் கூடாது. நாம் ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்கிறோம், அந்தப் ‘பற்றி’ அபவுட்டாக ஒட்டிக்கொள்கிறது. ரெக்வெஸ்ட் இன்னும் வேடிக்கை. வினையாக இருந்தால் ‘ஐ ரெக்வெஸ்ட் லீவ்’, ஒன்றும் வேண்டாம். அதுவே பெயர்ச்சொல் ஆனால் ‘மை ரெக்வெஸ்ட் ஃபார் லீவ்’, ஃபார் இல்லாமல் முடியாது. டிஸ்கஷனும் அப்படியே: பெயரானால் அபவுட் வரலாம். இந்த வித்தியாசத்தைக் கோடிட்ட இடம் எப்படிக் கேட்கும்? கோடு போட்டால் பிள்ளை ஏதாவது ஒன்றை நிரப்பத்தானே செய்யும்!

நான் பிரெவே வரை பிரெஞ்சில் படித்தவன். ஆங்கிலம் எனக்கு மூன்றாவது மொழி. எங்கள் மெத்ர் வினைச்சொல்லைத் தனியாக எழுதவிட மாட்டார். ‘தெப்பாந்த்ர் த’ என்று வாலோடு சேர்த்துத்தான் நோட்டில் எழுத வேண்டும். அந்த ‘த’வுக்கு ‘இருந்து’ என்று பொருள். இலத்தீனில் அந்த வினைக்கே ‘ஒன்றிலிருந்து தொங்குவது’ என்றுதான் அர்த்தம், ஆகையால் பிரெஞ்சுக்காரர் வழி நியாயமாகவே படுகிறது. ஆங்கிலக்காரர் அதே சொல்லை வாங்கி ‘டிபெண்ட் ஆன்’ என்று மேலே தூக்கி வைத்துவிட்டார். போதாதற்கு ‘டிபெண்டன்ட் ஆன்’, ஆனால் ‘இன்டிபெண்டன்ட் ஆஃப்’! இதில் யோசித்துக் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? சேர்த்தே கேட்டு, சேர்த்தே எழுதிப் பழகினால்தான் உண்டு.

தமிழ் சில இடத்தில் கைகொடுக்கும். இசையில் ஆர்வம், ‘இன்ட்ரஸ்டட் இன்’. நம் ‘இல்’லும் அவர்கள் ‘இன்’னும் பொருந்துகிறது. அதே ‘இல்’லை நம்பிக் ‘கணக்கில் கெட்டிக்காரன்’ என்பதற்குக் ‘குட் இன்’ என்று பிள்ளை எழுதும், பாடப்புத்தகம் ‘குட் அட்’ கேட்கும். பிரெஞ்சிலும் ‘ஃபோர் ஆன்’, அதாவது நம் ‘இல்’தான். அப்புறம் ‘குட் வித் சில்ட்ரன்’ என்றால் குழந்தைகளோடு பழகத் தெரிந்தவர், ‘குட் டு’ என்றால் அன்பாக நடப்பவர், ‘குட் ஃபார்’ என்றால் உடம்புக்கு நல்லது. குட் என்று எழுதிக் கோடு போட்டு, அதன்பின் சில்ட்ரன் என்று மட்டும் கொடுத்தால் எது சரி? கேள்வி போட்டவருக்கே தெரியாது.

பயிற்சியே வேண்டாம் என்று சொல்லவில்லை. கோட்டை இடம் மாற்றுங்கள் என்கிறேன். ‘ஆன்’ என்பதை வாக்கியத்தில் விட்டுவிட்டு டிபெண்ட் இருந்த இடத்தில் கோடு போடலாம். பிள்ளை வாலை வைத்து மாட்டைத் தேடும். பத்துக் கோட்டில் மூன்று நாலு இடத்தில் ஒன்றும் வராது, அங்கே சிறு கோடு மட்டும் இழு என்று சொல்லலாம். சில புத்தகங்களில் அப்படி இருக்கிறது, நல்ல ஏற்பாடு. எல்லாவற்றையும்விட நல்லது, தமிழில் ஒரு வாக்கியம் கொடுத்து முழுசாக ஆங்கிலத்தில் எழுதச் சொல்வது. திருத்த நேரம் பிடிக்கும், அதனால்தான் யாரும் தருவதில்லை.

பேத்தியிடம் ‘சம்பள உயர்வு பற்றி விவாதித்தார்கள்’ என்று ஒன்று கொடுத்தேன். அபவுட் போட்டுத்தான் எழுதினாள். தாளிலோ அவளுக்கு இருபதுக்குப் பதினெட்டரை.