கொதிக்க வைத்தால் போதுமா? யாழ்ப்பாணத்துக் கடிதமும் நம் பீலித் தண்ணீரும்



யாழ்ப்பாணத்தில் ஒரு பிரதேச சபைக்குச் சுகாதார அதிகாரி எழுதிய கடிதத்தைப் பற்றி நம் ஆசிரியர் அறையிலும் சங்கக் கூட்டத்திலும் பேசினோம். வீட்டுக்கு வீடு குடிதண்ணீரைப் பரிசோதியுங்கள், கொதிக்க வைத்துக் குடியுங்கள், மூடி வைத்த பாத்திரத்தில் சேமியுங்கள் என்பதுதான் அதன் சாரம். நல்ல கடிதம். ஆனால் எதற்காகப் பரிசோதிப்பது, முடிவு வந்த பிறகு யார் என்ன செய்வது என்ற இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழுக் கடிதம் ஆகும் என்பது நம் கருத்து.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மழைத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லின் பிளவுகளிலும் குகைகளிலும் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. கிணறு வெட்டி எடுப்பது அந்தத் தண்ணீரைத்தான். மண் உள்ள இடத்தில் தண்ணீர் மெதுவாக இறங்கும், மண் அதை வடிகட்டும். சுண்ணாம்புக்கல் பிளவில் அப்படி இல்லை. மலசலகூடக் குழியில் போனதும், வெங்காயத் தோட்டத்துக்குப் போட்ட யூரியாவும் வடியாமலே கிணற்றுக்குப் போய்விடும். கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடி இருந்தால் போதும் என்ற கணக்கு அங்கே பல இடங்களில் பலிக்காது.

அதனால் ஒரே கிணற்றில் இரண்டு விதமான கெடுதல் இருக்கலாம். ஒன்று கிருமி. வாந்திபேதி, நெருப்புக் காய்ச்சல், செங்கமாரி எல்லாம் அதன் வழியாக வருகின்றன. மற்றது நைத்திரேற்று. வலிகாமக் கிணறுகளில் இது அளவுக்கு மேல் இருப்பதை 1980களிலேயே ஆய்வாளர்கள் கண்டு எழுதினார்கள். இந்த இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது. இதைத்தான் நம் மக்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

கொதிக்க வைத்தால் கிருமி செத்துவிடும். நைத்திரேற்று தண்ணீரில் கரைந்த உப்பு, அது எங்கேயும் போகாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். குடிதண்ணீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஒரு கிணற்றில் 80 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 5 லீற்றர் எடுத்து நன்றாகக் கொதிக்க வைத்து, ஆவி போய் 4 லீற்றர் மிஞ்சினால், உள்ளே இருந்த 400 மில்லிகிராமும் அந்த 4 லீற்றருக்குள் நிற்கும். அப்போது ஒரு லீற்றருக்கு 100. அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இரத்தம் உயிர்வாயுவைச் சுமக்க முடியாமல் உதடும் நகமும் நீலம் பாரிக்கலாம். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு இந்த ஆபத்து இல்லை. அதே கிணற்றுத் தண்ணீரோடு சரிபாதி மழைத் தண்ணீர் கலந்தால் 80 என்பது ஏறக்குறைய 40 ஆகிவிடும். பிறகு அதைக் கிருமிக்காக அளவோடு கொதிக்க வைக்கலாம். முடிவு தாளில் எந்தப் பெயர் எழுதியிருக்கிறது என்று தெரிந்தால்தான் எது மருந்து என்று சொல்ல முடியும்.

சுன்னாகத்தில் நடந்ததையும் மறக்க முடியாது. மின் நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் கலந்திருக்கிறது என்று மக்கள் 2014, 2015 காலத்தில் போராடினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2019இல் நோர்தேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பானது. கிருமிப் பரிசோதனை மட்டும் செய்திருந்தால் அந்தக் கிணறுகள் பல "நல்லது" என்றே தாளில் வந்திருக்கும். எண்ணெய்க்கென்று தனியாகச் சோதித்தால்தான் எண்ணெய் தெரியும். அந்தச் சோதனையைச் செய்யும் செலவு ஒரு குடும்பத்தின் தலையில் விழக்கூடாது.

இனி நம் தோட்டத்துக்கு வருவோம். நமக்குக் கிணறு குறைவு, பீலிதான். மலையில் ஊற்றெடுத்து, திறந்த தொட்டியில் விழுந்து, பைப்பில் லயத்துக்கு வருகிறது. மேலே தேயிலை மலைக்கு உரம் போடுகிறார்கள், ஆடு மாடு மேய்கிறது, சில இடங்களில் மேல் லயத்துக் கழிவும் அதே சரிவில்தான் இறங்குகிறது. மழை பெய்த மறுநாள் தண்ணீர் கலங்கி வந்தால் அதன் அர்த்தம், மேல் மண்ணில் கிடந்தது வடியாமல் தொட்டிக்கு வந்துவிட்டது என்பதுதான். மாதிரி எடுப்பதென்றால் அந்த நாளில் எடுக்க வேண்டும். வெயில் நாளில் எடுத்த போத்தலை நம்பி ஏமாறக்கூடாது.

மாதிரியை ஒரு இடத்தில் மட்டும் எடுத்தாலும் போதாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கொண்டுவரும் கிருமி நீக்கிய போத்தலில், தொட்டியில் ஒன்று, பைப்பு வாயில் ஒன்று, வீட்டுக் குடத்தில் ஒன்று என்று மூன்று எடுக்கச் சொல்லுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்து, 24 மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்துக்குப் போக வேண்டும். 100 மில்லிலீற்றரில் ஈ.கோலை ஒன்றுகூட இருக்கக்கூடாது. தொட்டியிலேயே இருந்தால் குற்றம் மலையில். தொட்டி சுத்தம், பைப்பு வாயில் இருந்தால் வழியில் பைப்பு உடைந்திருக்கிறது. இரண்டும் சுத்தம், குடத்தில் மட்டும் இருந்தால் நம் கை, நம் கோப்பை. அப்போது வாய் குறுகிய, மூடியும் குழாயும் உள்ள பாத்திரம் வேண்டும். கோப்பையை உள்ளே விடும் பழக்கத்தை நிறுத்த வேண்டும். இந்த மூன்றில் முதல் இரண்டைத் தோட்ட நிர்வாகமும் பிரதேச சபையும் திருத்த வேண்டும். கடைசி ஒன்றுதான் நம் வீட்டு வேலை.

கடிதத்தில் நமக்கு உள்ள குறை இங்கேதான். மூன்றையும் ஒன்றாக்கி "வீட்டில் கொதிக்க வையுங்கள்" என்று முடித்தால், சுமை முழுவதும் மாலையில் கொழுந்துக்கூடையை இறக்கி வைத்துவிட்டு வரும் நம் அக்காமார், அம்மாமார் தலையில் விழுகிறது. ஐந்து பேர் குடும்பத்துக்கு ஒரு நாளைக்குப் பத்து லீற்றராவது கொதிக்க வேண்டும். அந்த விறகையும் அவர்கள்தான் சுமந்து வர வேண்டும். குளிர் மலையில் தண்ணீர் 100 பாகைக்கு முன்பே கொதித்துவிடும், அதனால் கொதி வந்த பிறகும் மூன்று நிமிடம் விட வேண்டும். கொதிக்க வைக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தொட்டியை மூடும்வரை கட்டாயம் கொதிக்க வையுங்கள். ஆனால் தொட்டியை மூடாமல் இருப்பதற்கு அது சாட்டாகக்கூடாது.

1987ஆம் ஆண்டு பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டத்துக்குள் சபைப் பணம் வர விடாமல் நெடுங்காலம் தடுத்தது. 2018இல் அது திருத்தப்பட்டது. ஆகவே "தோட்டம் எங்கள் பொறுப்பில்லை" என்று எந்தச் சபையும் இனி சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்துக் கடிதத்தைப்போல் நம் சபைக்கும் ஒரு கடிதம் வரட்டும். அதில் நாம் கேட்பது இவைதான்: மழைக்குப் பின் மூன்று இடத்தில் மாதிரி, கிருமியோடு நைத்திரேற்றுக்கும் சோதனை, முடிவு தமிழில் எழுதிப் பிரட்டுக்களத்துப் பலகையில் ஒட்டுதல், தொட்டிக்கு மூடியும் ஊற்றைச் சுற்றி வேலியும், அதற்குத் திகதியும்.

அடுத்த மாதர் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் லயத்துத் தொட்டிக்கு மூடி இருக்கிறதா, அதற்கு மேலே எத்தனை அடியில் மலசலகூடம் இருக்கிறது என்று எழுதிக்கொண்டு வாருங்கள். அந்தத் தாளோடுதான் சபைக்குப் போகப் போகிறோம்.