அறுவைக்கு முன் இடப்படும் இரண்டு சரிக்குறிகள்

அறுவை சிகிச்சைக்கு முந்தைய சரிபார்ப்புப் பட்டியலில் ‘ஒப்புதல் பெறப்பட்டது’, ‘மூச்சுப் பயிற்சி விளக்கப்பட்டது’ என்னும் இரு வரிகளுக்கும் ஒரே கை, ஒரே நிமிடத்தில் குறியிட்டுவிடுகிறது. இரண்டும் நோயாளியின் வாயிலிருந்தும் மார்பிலிருந்தும் அறியப்பட வேண்டியவை. தாளைப் பார்த்து அறியக் கூடியவை அல்ல.

பிகாரிலிருந்து தில்லிக்கு வந்த, போஜ்புரி பேசும் ஐம்பது வயதுப் பெண்ணுக்கு மேல்வயிற்றைத் திறந்து பித்தப்பையை அகற்றவிருக்கிறார்கள் என்று கொள்வோம். படிவத்தில் மகனின் கையொப்பம் இருக்கிறது. சுயநினைவோடு முடிவெடுக்கவல்ல பெரியவருக்குப் பதிலாக உறவினர் இடும் கையொப்பம் ஒப்புதலாகாது. ஒரு பெண் மயக்கத்தில் இருக்கும்போது அவருடைய தாயிடம் அனுமதி பெற்றுக் கருப்பையை அகற்றிய வழக்கில், 2008இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது. ஆகவே, உறக்கம் தரும் மருந்துக்கு முன்னரே செவிலியர் அப்பெண்ணிடம், “அம்மா, உங்களுக்கு என்ன செய்யப்போகிறார்கள்?” என்று அவர் மொழியில் கேட்க வேண்டும். “பித்தப்பை அறுவைதானே?” என்று கேட்டால் தலையசைப்பு மட்டுமே கிடைக்கும். விடை பிழையானால் குறியிடாமல் மருத்துவரை அழைப்பதே முறை.

மூச்சுப் பயிற்சியின் நிலையும் இதுவே. மேல்வயிற்றுத் தையலின் வலியால் நோயாளி ஆழமாக மூச்சிழுப்பதில்லை. உதரவிதானமும் சரிவர இயங்குவதில்லை. நுரையீரலின் அடிப்பகுதியில் காற்றறைகள் சுருங்குகின்றன, சளி தேங்குகிறது, நிமோனியாவுக்கு வழி திறக்கிறது. மூச்சின் வேகம் கூடுவதும் ஆக்சிஜன் அளவு குறைவதும் முன்னறிகுறிகள்.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மருத்துவமனைகளில் நடந்து 2018இல் வெளியான ஓர் ஆய்வு இங்கே கவனத்துக்குரியது. மேல்வயிற்று அறுவைக்கு முன் ஒரு சாராருக்குக் கையேடு மட்டும் தரப்பட்டது. மற்றவர்களுக்குக் கையேட்டோடு இயன்முறை மருத்துவர் அரைமணி நேரம் நேரில் கற்பித்தார். நுரையீரல் சிக்கல் முன்னவரில் 27 விழுக்காடு, பின்னவரில் 12 விழுக்காடு. அறுவைக்குப் பின் வலியில் முனகுபவருக்குப் புதிதாக எதையும் கற்பிக்க இயலாது என்பதை எந்த வார்டும் அறியும்.

கற்பித்தல் என்பது செய்துகாட்டச் சொல்வது. நிமிர்ந்து அமர்ந்து, மூக்கால் மெதுவாக இழுத்து, மூன்று நொடி நிறுத்தி, வாயால் விட வேண்டும். பத்து முறைக்குப் பின் தலையணையால் வயிற்றை அணைத்து இருமல். விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் இதுவே. மூன்று பந்துகள் கொண்ட கருவியைப் பலர் ஊதுகிறார்கள், அது உறிஞ்சுவதற்கானது. வெடுக்கென்று உறிஞ்சினால் பந்துகள் மேலெழும், நுரையீரலோ விரியாது. இப்பிழைகள் நோயாளி செய்துகாட்டும்போதுதான் கண்ணில் படும், “விளங்கியதா?” என்று கேட்பதால் அல்ல.

ஒரு செவிலியர் முப்பது பேரைக் கவனிக்கும் வார்டில் அரைமணி நேரம் கிடைக்காது என்பது நியாயமான மறுப்பே. ஆனால் படுக்கையருகே அந்த மகன் இரவும் பகலும் இருக்கிறான். தாய்க்குக் கற்பிக்கும்போது அவனையும் உடன் அமர்த்தினால், மணிக்கொரு முறை நினைவூட்டுவது அவன் பொறுப்பாகும். கையொப்பத்தைவிட அவனிடம் கேட்கத் தக்கது அது.