மூன்று நிறம் ஏன் கஷ்டம்? 3^n-ஐக் காரணம் சொல்லாதீங்க!

சேலம் மாவட்டமும் தருமபுரி மாவட்டமும் தொப்பூர்ப் பக்கம் ஒட்டிக்கொண்டிருப்பதால், வரைபடத்தில் இரண்டுக்கும் வேறு நிறம் தரணும். மாவட்டத்தைப் புள்ளியாகவும் பொது எல்லையைக் கோடாகவும் வரைந்தால் அது ஒரு கிராஃப். மூன்றே நிறம் போதுமா என்பதுதான் கேள்வி.

இது ஏன் கடினம்னு கேட்டா, நம்மில் பலர் "3^n வழி இருக்கே" என்கிறோம். என் கருத்தில் அது காரணமே இல்லை. இரண்டு நிறத்துக்கும் 2^n வழி இருக்கு. ஆனா ஒரு புள்ளிக்கு நிறம் தந்தா பக்கத்துப் புள்ளிகளின் நிறம் தானா முடிவாகிடும், விடை சீக்கிரம் வந்துடும். மூன்று நிறத்தில் நடப்பது வேறு: அதற்குள் சாட் கணக்கையே ஒளித்து வைக்கலாம். சாட் எவ்வளவு கடினம்னு 1971-லேயே ஸ்டீபன் குக் காட்டிட்டார்.

ஒளிப்பது எப்படி? முதலில் ஒரு முக்கோணம் வரையுங்க. மூன்று முனைக்கும் மூன்று நிறம் வந்தே ஆகணும். அவற்றை உண்மை, பொய், நடு என்று அழைப்போம். ஒவ்வொரு மாறிக்கும் x, ¬x என இரு புள்ளி வைத்து, இரண்டையும் ஒன்றோடொன்றும் 'நடு'வோடும் இணையுங்க. இப்போ ஒன்று உண்மை, மற்றது பொய், வேற வழியில்லை. 'நடு'வுக்குப் போகும் கோட்டை மறந்தா மாறிக்கே 'நடு' நிறம் வந்து, கணக்கு அர்த்தமில்லாமப் போயிடும்.

அடுத்து (x ∨ y ∨ z). p, q, r என ஒரு சின்ன முக்கோணம் போட்டு, p-ஐ x-ஓடும் q-வை y-ஓடும் இணையுங்க. x, y இரண்டும் பொய்யானா p, q-வுக்கு 'பொய்' நிறம் கிடையாது. அது r-க்குத்தான் போகும். ஒன்றாவது உண்மையானா r-க்கு 'உண்மை' தர முடியும். இதேபோல் இன்னொரு முக்கோணத்தில் r-ஐயும் z-ஐயும் சேருங்க. அதன் கடைசி முனையை 'பொய்', 'நடு' இரண்டோடும் இணைத்தால் அது 'உண்மை'யாக மட்டுமே இருக்க முடியும். மூன்றும் பொய்யானா அந்த முனைக்கு 'பொய்'தான் வரும். நிறம் தீட்டவே முடியாது. n மாறி, m நிபந்தனைக்கு மொத்தம் 3 + 2n + 6m புள்ளி. அவ்வளவு சின்னது!

திசையைக் கவனிங்க. சாட்டை நிறமாக மாற்றினால்தான் நிறக்கணக்கு கடினம்னு ஆகும். நிறத்தைச் சாட்டாக மாற்றினால் கடினத்தைப் பற்றி எதுவும் நிரூபணமாகாது. தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இங்கேதான்.

அதுக்காக நம்ம 38 மாவட்ட வரைபடம் கடினம்னு அர்த்தமில்லை. கம்ப்யூட்டர் அதை உடனே முடிச்சிடும். எல்லா கிராஃபுக்கும் பொருந்தும் வேகமான வழி இதுவரை யாரிடமும் இல்லை என்பதுதான் விஷயம். ஆகவே 'என்பி-கம்ப்ளீட்' என்ற வரையறையை மனப்பாடம் பண்ணும் முன், இந்த இரண்டு முக்கோணத்தையும் ஒரு தடவை நீங்களே வரைந்து, எட்டு விதமான உண்மை-பொய்யையும் போட்டுப் பாருங்க. ஏழுக்கு நிறம் வரும், ஒன்றுக்கு வராது.