வந்தனோபசாரம்

கூட்டங்களில் கடைசியாக வந்தனோபசாரம் என்று ஒன்று உண்டு. அது ஆரம்பமானதும் சபையோர் செருப்பைத் தேடப் புறப்பட்டுவிடுகிறார்கள். அவர்களை நாம் குறை கூற மாட்டோம். "தொண்டர்கள் அனைவருக்கும் மனமார்ந்த நன்றி" என்னும் வாக்கியத்தில் எந்தத் தொண்டரும் இல்லையல்லவா?

நாம் அறிந்த ஒரு மாதர் சங்கத்தின் காரியதரிசி அம்மாள் வேறு வழியைக் கையாளுகிறார். அவருடைய சங்கத்தார் ஒரு பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் பரிசோதனை முகாம் நடத்தினார்கள். தொண்டர்கள் 22 பேர். அம்மாள் அன்று முழுவதும் ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணில் பட்டதை அவ்வப்போது குறித்து வந்தார். மறுநாள் யோசித்தால் யார் எதைச் செய்தார்கள் என்பது குழம்பிப்போய்விடும் என்பது அவருடைய அநுபவம். பிறகு அந்த வாரத்திற்குள்ளேயே 22 கடிதங்களைத் தம் கையால் எழுதி அனுப்பினார்.

ஒரு கல்லூரி மாணவிக்கு எழுதிய கடிதத்தைப் பார்த்தோம். எழுத்தறியாதவர்களின் பார்வையைச் சோதிக்க, மூன்று கால் நீட்டிய சின்னம் ஒன்றைப் பல திசைகளில் வரைந்த அட்டை உண்டு. 6 மீட்டர் தூரத்திலிருந்து அதைப் பார்த்து, கால்கள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று கையால் காட்ட வேண்டும். அம்மாள் எழுதியிருந்தது இதுதான்:

"வரிசையில் நிற்பவர்கள் முன்னால் இருப்பவரின் கையைப் பார்த்தே விடையை மனப்பாடம் செய்துகொள்கிறார்கள் என்று நீதான் கண்டுபிடித்தாய். உடனே வரிசையைத் தாழ்வாரத்துக்கு மாற்றினாய். அதன் பிறகு எழுதிய அளவுகளை டாக்டர் நம்ப முடிந்தது."

செய்த காரியம் ஒன்று, அதனால் விளைந்தது ஒன்று, அவ்வளவுதான். "தன்னலமற்ற சேவை" முதலிய அலங்காரங்கள் இல்லை. அந்தக் கடிதத்தை வேறு யாருக்கும் அனுப்ப முடியாது.

வாசலில் நின்ற ஓர் இளைஞரைப் பற்றி மட்டும் நோட்டுப் புத்தகத்தில் ஒன்றும் இல்லை. அம்மாள் இட்டுக்கட்டிப் புகழவில்லை. பக்கத்தில் நின்ற தொண்டரைத் தொலைபேசியில் விசாரித்தார். பாவையை விரிக்கும் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும். வெயிலில் கண் கூசும். அந்த இளைஞர் அப்படிப்பட்ட முதியவர்களை ஒவ்வொருவராகக் கைபிடித்துச் சாலையைக் கடத்திவிட்டிருக்கிறார். தாம் வந்ததையே ஒருவரும் கவனிக்கவில்லை, இனிப் போவானேன் என்று அவர் நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாராம்! கடிதம் சமயத்தில் போய்ச் சேர்ந்தது.

இன்னும் ஒரு நுட்பம். இருவர் சேர்ந்து செய்த வேலையானால் இருவர் கடிதத்திலும் மற்றவருடைய பெயர் இருக்கும். கடிதங்களைத் தொண்டர்கள் ஒப்பிட்டுப் பார்க்காமல் இருப்பார்களா, என்ன?

அடுத்த முகாமுக்கு வரும்படி அழைக்கும் வரி மட்டும் எந்தக் கடிதத்திலும் கிடையாது. நன்றியின் அடியில் கோரிக்கையை வைத்தால், படிப்பவர் கண் அங்கேதான் நிற்கும் என்கிறார் அம்மாள். அழைப்பு ஒரு மாதம் கழித்துத் தனியாகப் போயிற்று.