கிராமில் ஒரு பேரேடு

2024 ஜூலை 23, ஆடி மாதம். அன்றைய மத்திய பட்ஜெட்டில் தங்கத்தின் இறக்குமதி வரி 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமானது. அன்றே பவுனுக்கு 2,000 ரூபாய்க்கு மேல் இறங்கிவிட்டது. கும்பகோணத்தில் ஆவணி முகூர்த்தங்களுக்காகக் கடைகள் சரக்கு ஏற்றி வைத்துக்கொள்ளும் நேரம் அது. வங்கி ஓ.டி. பணத்தில் ஒரு கிலோ, அதாவது 125 பவுன், வாங்கி அடுக்கியிருந்த கடைக்கு ஒரே நாளில் இரண்டரை லட்சம் போயிருக்கும். கடன் மட்டும் ஒரு ரூபாய்கூடக் குறைந்திருக்காது.

பெரிய கடைத் தெருவில் அப்பாவின் நகைக்கடையை ஏற்று நடத்தும் பிள்ளைகள் பலர் என்னிடம் கேட்பது, விலை ஏறுமா இறங்குமா என்றுதான். அதை ஊகிக்காமலே பிழைக்கும் வழி ஒன்று இருக்கிறது. கடையின் மூலதனத்தை ரூபாயில் பார்க்காமல் சுத்தத் தங்க கிராமில் பாருங்கள். அன்று விற்ற எடையை அன்றே திரும்ப வாங்குங்கள். இது மட்டும் பழகிவிட்டால் மற்றதெல்லாம் இதிலிருந்தே வரும்.

ஒரு நாள் வியாபாரத்தைப் போட்டுப் பார்ப்போம். 22 காரட் நகை 80 கிராம் விற்கிறீர்கள், சேதாரம் 10 சதவீதம். ஆக 88 கிராமுக்குப் பணம் வாங்குகிறீர்கள். 916 கணக்கில் அது 80.6 கிராம் சுத்தத் தங்கத்தின் விலை. அதே 80 கிராம் நகையை மொத்த வியாபாரி 96 டச்சில் கொடுக்கிறார் என்றால், அவருக்குச் சேர வேண்டியது 76.8 கிராம். மிச்சம் 3.8 கிராம். விலை எங்கே நின்றாலும், அன்று மாலையே வாங்கிவிட்டால் இந்த 3.8 கிராம் உங்களுடையதுதான்.

அந்த வாடிக்கையாளர் 24 கிராம் பழைய சங்கிலி ஒன்றும் கொடுத்தார் என்று வையுங்கள். அதுவும் வரவுதான். உருக்கி 21 கிராம் சுத்தம் தேறினால், மாலையில் வாங்க வேண்டியது 76.8 இல்லை, 55.8 மட்டுமே. பழைய நகையைப் பெட்டியில் போட்டுவிட்டு, “சேர்ந்ததும் உருக்கலாம்” என்று விடுகிற கடையில் இந்தக் கணக்கே நிற்காது.

பழைய தங்கத்தில்தான் கை அதிகம் சுடும். காரட் மீட்டர் நகையின் மேற்பரப்பை மட்டுமே படிக்கும். பாட்டி காலத்துச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியிலும் பற்றவைத்த பொடி இருக்கும். அட்டிகையின் உள்ளே அரக்கு இருக்கும். மீட்டர் 90 என்று காட்டியது, உருக்கிய கட்டியில் 86 ஆக நிற்பதுண்டு. 24 கிராமில் அந்த 4 சதவீதம் ஏறக்குறைய ஒரு கிராம். மேலே சொன்ன லாபத்தில் கால்பங்கு அதோடு போய்விடும். அதனால் வாடிக்கையாளர் கண்முன்னே அரக்கையும் கல்லையும் எடுத்து, உருக்கி, கட்டியைச் சோதித்த பிறகே எடை எழுத வேண்டும். அவருக்கும் அதுதான் நியாயம். உருக்காமலே கழிவு சொல்லும்போது, கடைக்காரர் தன் பயத்தையும் சேர்த்தே கழிக்கிறார்.

செய்கூலியையும் சேதாரத்தையும் ஒன்றாகக் குழைப்பது அடுத்த சிக்கல். சேதாரம் தங்கத்தில் வரும் வரவு. அது முதலில் டச்சுக்கு ஈடு கட்ட வேண்டும். வாடகை, சம்பளம், மின்கட்டணம், வட்டி எல்லாம் ரூபாய்ச் செலவு. அதற்குச் செய்கூலியை ரூபாயில் வாங்குவதே சரி. விலை ஏறும்போது வாடிக்கையாளர் சேதாரத்தைத்தான் குறைக்கச் சொல்லுவார். செலவு முழுவதையும் சேதாரத்தில் ஏற்றி வைத்திருந்தால், குறைத்த பிறகு என்ன மிஞ்சும் என்றே தெரியாது. மேலே சொன்ன கடையில் சேதாரம் 4.8 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் கைத்தங்கம் கரையத் தொடங்கும்.

2025 தொடக்கத்தில் 60,000-க்குள் இருந்த பவுன், அக்டோபரில் 90,000-ஐத் தாண்டியது. “இறங்கட்டும், வாங்கலாம்” என்று விற்ற எடையை வாங்காமல் இருந்த கடைகளின் ரூபாய்க் கணக்கில் லாபம் கொழுத்திருக்கும், தட்டில் நகை குறைந்திருக்கும். இது தெரிய வேண்டுமானால் மாதம் ஒரு நாள் சரக்கு, உருக்கிய கட்டி, மொத்த வியாபாரிக்கு நிற்கும் பாக்கி, வாடிக்கையாளரின் முன்பணத்துக்குத் தர வேண்டிய எடை எல்லாவற்றையும் சுத்த கிராமாக்கிக் கூட்டிக் கழியுங்கள். கையிலுள்ள ரொக்கத்தையும் வங்கிக் கடனையும் அன்றைய விலையில் கிராமாக்கிச் சேர்த்துவிடுங்கள். போன மாதத்தைவிடக் குறைந்திருந்தால், லாபம் என்று நினைத்ததில் ஒரு பகுதி முதல்.

கடைசியாகக் கடன். சொந்த முதலில் வாங்கிய சரக்கு விலையோடு ஏறி இறங்கட்டும், எடை மாறாது. கடனில் வரும் சரக்கைத் தங்கமாகவே வாங்குவது நல்லது. வங்கிகளின் தங்க உலோகக் கடனில் கட்டியைக் கடனாக எடுத்து, நகை விற்கும்போது அன்றைய விலைக்குப் பணம் கட்டலாம். 2024 ஜூலையில் இப்படி எடுத்திருந்தால், அந்த ஒரு கிலோவின் இறக்கம் கடையைத் தொட்டிருக்காது. வட்டியும் பொதுவாக ஓ.டி.யைவிடக் குறைவு. ஆனால் விலை ஏறினால் வங்கி கூடுதல் ஈடு கேட்கும். முகூர்த்த மாதத்தில் அந்தக் கடிதம் வந்தால் கட்டுவதற்கு ஓ.டி.யில் இடம் இருக்க வேண்டும். எனவே ஓ.டி.யை முழுக்கச் சரக்கில் முடக்காதீர்கள். தவணைக்குள் விலை முடிக்க வேண்டும் என்பதால், வேகமாக நகரும் தாலிச் சங்கிலி, மோதிரம், கம்மல் வகைக்கே இந்தத் தங்கத்தை ஒதுக்குங்கள். வருஷக்கணக்கில் தட்டில் கிடக்கும் ஒட்டியாணத்துக்குச் சொந்த முதலே சரி.