‘மீண்டும் வந்தாச்சு!’ எழுதும் முன் பாக்கெட்டை எண்ணுங்க

நீலகிரியில் முதலில் நீர்ப்பனி விழும், அப்புறம் உறைபனி. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பகலில் வெயில், இரவில் கடும் குளிர். தேயிலைக் கொழுந்து மெள்ளத்தான் வளரும், அதனால் வாசம் கூடும். அந்தக் கொழுந்தில் செய்யும் முழு இலைத் தேயிலைக்குத்தான் ‘உறைபனி டீ’ என்று பெயர். வருவது கொஞ்சம். தீர்ந்தால் அடுத்த குளிருக்குத்தான்.

குன்னூரில் வீட்டிலிருந்தபடி இன்ஸ்டாகிராமில் இதை விற்கும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். 100 கிராம் பாக்கெட் 60 வந்திருக்கிறது. ‘வந்தா சொல்லுங்கக்கா’ என்று பெயர் கொடுத்துக் காத்திருப்பவர்கள் 37 பேர். சந்தோஷத்தில் உடனே போஸ்ட் போடத்தான் கை போகும். போட்டால் என்ன ஆகும்? அந்த நேரம் போனைக் கையில் வைத்திருந்த யாரோ ஒருவர் பத்து பாக்கெட் கேட்பார். போன மார்ச்சிலேயே பெயர் கொடுத்தவர் சாயங்காலம் பார்க்கும்போது எல்லாம் தீர்ந்திருக்கும். அடுத்த முறை அவர் பெயரே கொடுக்க மாட்டார்.

அதனால் முதலில் கணக்கு. கூரியரில் கிழிந்தால் மாற்றிக் கொடுக்க 4 பாக்கெட்டை எடுத்து வைத்துவிட்டால் மீதி 56. காத்திருக்கும் 37 பேருக்கும் ஆளுக்கு இரண்டு என்றால் 74 வேண்டும், இல்லை. ஆளுக்கு ஒன்று என்றால் 37 போக 19 மிச்சம். ஆக, அளவு ‘ஒரு வீட்டுக்கு ஒன்று’. போன் நம்பருக்கு ஒன்று என்று வைக்காதீர்கள். ஒரே வீட்டில் நாலு நம்பர் இருக்கும். டெலிவரி முகவரியை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அடுத்து, பட்டியலில் இருப்பவர்களுக்குத் தகவல். வெள்ளிக்கிழமை காலை 10 மணிக்கு மெசேஜ், பணம் கட்ட சனிக்கிழமை இரவு 8 மணி வரை நேரம். வேலைக்குப் போகிறவர்களுக்கும் ஒரு ராத்திரி கிடைக்க வேண்டுமே! பலர் சறுக்குவது இங்கேதான். வாட்ஸ்அப் பிராட்காஸ்ட்டில் அனுப்பினால், உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அது போகும். அனுப்பியவருக்கோ எல்லோருக்கும் போனது போலவே தோன்றும். அந்த மெசேஜின் ‘இன்ஃபோ’வைத் திறந்து பார்த்தால்தான் யாருக்குச் சேரவில்லை என்று தெரியும். 37 பேர்தானே, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்புவது அரை மணி நேர வேலை.

சனிக்கிழமை இரவு எண்ணிப் பார்க்கிறார். 32 பேர் பணம் கட்டியிருக்கிறார்கள், 5 பேர் கட்டவில்லை. மிச்சமிருந்த 19 உடன் இந்த 5-ஐயும் சேர்த்தால் 24. கேப்ஷன் எழுத வேண்டிய நேரம் இதுதான். இன்ஸ்டாகிராமில் சுமார் 125 எழுத்துகளுக்குப் பிறகு வருவதெல்லாம் ‘மேலும்’ என்பதை அழுத்தினால்தான் தெரியும். எனவே பொருள், விலை, அளவு மூன்றும் முதல் வரியிலேயே வரட்டும். ‘விலைக்கு இன்பாக்ஸ் வாங்க’ என்று எழுதிவிட்டு நூறு பேருக்கு ஒரே பதிலைத் தட்டச்சு செய்வது வெட்டி வேலை.

“குன்னூர் உறைபனி டீ மீண்டும் வந்தாச்சு. 100 கிராம் ரூ.400. ஒரு வீட்டுக்கு 1 பாக்கெட்.

வந்தது 60. வெயிட்லிஸ்ட்டில் இருந்த 32 பேர் வாங்கிட்டாங்க. கூரியரில் சேதமானால் மாற்றித் தர 4 தனியா வெச்சிருக்கோம். இன்று விற்பனைக்கு 24.

ஞாயிறு காலை 10 மணி முதல். பணம் கட்டிய வரிசைப்படி பாக்கெட். செவ்வாய்க்கிழமை கூரியர்.

தீர்ந்துட்டா அடுத்த குளிருக்குத்தான். வெயிட்லிஸ்ட்டில் சேர பெயர், ஊர் மெசேஜ் பண்ணுங்க.”

இதில் ‘சீக்கிரம்! கடைசி 3!’ என்று எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அலமாரியில் 20 இருக்கும்போது 3 என்று எழுதுவது பொய் மட்டுமல்ல, விதிமீறலும்கூட. ஆன்லைனில் வாங்குபவரை ஏமாற்றும் 13 வகைத் தந்திரங்களை ‘டார்க் பேட்டர்ன்’ என்று பட்டியலிட்டு, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வழிகாட்டு நெறிமுறைகள் கொண்டுவந்தது. அதில் முதலாவதே பொய்யான அவசரம். இது பெரிய தளங்களுக்கு மட்டுமல்ல, விற்பவர்களுக்கும் பொருந்தும்.

தீர்ந்ததும் கேப்ஷனின் முதல் வரியை ‘விற்றுத் தீர்ந்தது’ என்று மாற்றிவிட வேண்டும். இல்லையென்றால் திங்கட்கிழமையும் பணம் வந்துகொண்டே இருக்கும். திருப்பி அனுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஒரே முகவரிக்கு அண்ணி பெயரில் ஒன்று, நாத்தனார் பெயரில் ஒன்று என இரண்டு ஆர்டர் வந்தால்? “அக்கா, ஒரு வீட்டுக்கு ஒண்ணுதான் கொடுக்கறோம். ஒண்ணு அனுப்பறேன், இன்னொண்ணுக்கான 400 ரூபாயை இப்பவே திருப்பிப் போட்டுடறேன். அடுத்த குளிருக்கு உங்க பேரை லிஸ்ட்ல எழுதிக்கவா?” என்று கேட்டால் போதும்.